ஜேசிபி வாடகைக்கு விடுகிறீர்களா? மீட்டர் மணியைப் பாருங்கள்

ஜேசிபி வாங்கி வாடகைக்கு விடுபவர்கள் பலர் போடும் கணக்கு இதுதான்: வருஷம் இவ்வளவு மிஞ்சும், அஞ்சு வருஷம் கழித்து இவ்வளவுக்கு விற்கலாம், இரண்டையும் கூட்டினால் போட்ட காசுக்கு மேல் வருகிறது. அஞ்சாம் வருஷம் வரும் ரூபாய்க்கும் இன்று கையிலிருக்கும் ரூபாய்க்கும் ஒரே மதிப்பு கொடுப்பதுதான் இதில் கோளாறு.

ஓர் உதாரணம். வண்டி விலை 32 லட்சம். வாடகை மணிக்கு 1,300 ரூபாய். டீசலுக்கு 460, சர்வீஸ், டயர், பக்கெட் பல், ஹோஸ் செலவுக்கு 140 போனால் மணிக்கு 700 நிற்கும். ஆபரேட்டர் சம்பளம், பேட்டா, இன்சூரன்ஸ் எல்லாம் வருஷத்துக்கு 3.6 லட்சம், வண்டி ஓடினாலும் நின்றாலும் இது போகும். அஞ்சு வருஷம் கழித்து 14 லட்சத்துக்குப் போகும் என்று வைப்போம். வருமான வரியை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

வருஷம் 1,200 மணி ஓடினால் மிச்சம் 4.8 லட்சம். சும்மா கூட்டினால் 24 + 14 = 38 லட்சம், ஆறு லட்சம் லாபம் போலத் தெரியும். காசுக்கு வருஷம் 12 சதவீத வட்டி என்று வைத்து, அதே பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 25.2 லட்சம்தான் தேறும். கிட்டத்தட்ட 6.8 லட்சம் நஷ்டம்.

1,500 மணி ஓடினால் மிச்சம் 6.9 லட்சம். எக்செலில் லட்சக் கணக்கில் இப்படிப் போடலாம்:

```
=PV(12%,5,-6.9,-14)-32
```

விடை 0.8 லட்சம். தப்பித்தோம், அவ்வளவுதான். சரிக்குச் சரியாகும் இடம் வருஷம் சுமார் 1,470 மணி, அதாவது மாதம் 122, 123 மணி. மழைக்காலத்தில் சைட் நிற்கும் மாதங்களையும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி.

இதில் இ.எம்.ஐ.யைத் தனியாகக் கழிக்காதீர்கள். 32 லட்சத்தை முழுதாக வைத்து 12 சதவீதமும் போட்ட பிறகு தவணையையும் கழித்தால் ஒரே செலவு இரண்டு தடவை ஏறிவிடும்.

அடுத்தது பாக்கி. டீசலுக்கு அன்றன்றைக்குக் காசு கொடுக்கிறீர்கள். கான்ட்ராக்டர் மூன்று மாதம் கழித்துத்தான் பில் பணம் தருகிறார். 1,500 மணிக்கு வருஷ வாடகை 19.5 லட்சம். அது மூன்று மாதம் தள்ளி வந்தாலே அஞ்சு வருஷத்தில் சுமார் 2 லட்சம் இன்றைய மதிப்பில் குறையும். 0.8 லட்ச லாபம் 1.2 லட்ச நஷ்டமாகிவிடும். மணிக்கு 50 ரூபாய் குறைத்தாலும் உடனே காசு தருபவரிடம் விடுவது மேல் என்று சிலர் சொல்வார்கள். இந்தக் கணக்கில் அது தப்பு: 50 ரூபாய் குறைத்தால் போவது 2.7 லட்சம். 35 ரூபாய் வரை குறைக்கலாம்.

மணி கூடினால் விற்பனை விலை இறங்குவதையும் மறக்கக் கூடாது. வாங்க வருபவர் மீட்டரைப் பார்த்த கையோடு பக்கெட்டை ஆட்டி, பின்னும் புஷ்ஷும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்ப்பார். சர்வீஸ் பில் கேட்பார். 14க்குப் பதில் 11 லட்சம்தான் கிடைத்தால் இன்றைய மதிப்பில் 1.7 லட்சம் போகும். பழைய வண்டியை இன்னொரு வருஷம் வைத்திருக்கலாமா என்றால், அந்த வருஷ மிச்சத்தையும் வருஷக் கடைசி விலையையும் கூட்டி 1.12ஆல் வகுங்கள். இன்று கேட்கும் விலைக்குக் கீழே வந்தால் விற்றுவிடுங்கள்.