நின்றுபோன டீலுக்கு ஒரு காரணம் வேண்டும்: சிஆர்எம்மிலிருந்து பில்லிங்குக்கு இரவு நேர சிங்க்

சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு விற்பனை மென்பொருளான சிஆர்எம்மையும் பில்லிங் மென்பொருளையும் இணைத்துக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "சேல்ஸ் பையன் ஒரு டீலை ஜெயித்ததாக `Closed Won` என்று மாற்றிவிட்டால், ராத்திரியே அது பில்லிங்கில் இன்வாய்ஸாக வந்துவிட வேண்டும். அக்கவுன்ட்ஸில் மறுபடி டைப் அடிக்கக் கூடாது."

நியாயமான ஆசைதான், அனுப்புவதிலும் பெரிய கஷ்டம் இல்லை. எந்த டீல் போகக் கூடாது என்று முடிவு செய்வதும், அப்படி நின்ற டீல் யார் கண்ணிலும் படாமல் தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும்தான் உண்மையான வேலை.

கோவையில் தொழிற்சாலை வால்வுகள் விற்கும் ஒரு டீலரை எடுத்துக்கொள்வோம். அவருடைய வாடிக்கையாளர் ஒருவருக்கு ஓசூரில் ஓர் ஆலை, பெங்களூரில் ஓர் அலுவலகம். இரண்டு மாநிலம் என்பதால் ஜிஎஸ்டி பதிவும் இரண்டு. ஓசூருக்கு உரியது 33 என்று தொடங்கும், பெங்களூருக்கு உரியது 29 என்று தொடங்கும். டீலில் பில் முகவரி ஓசூர். ஜிஎஸ்டி எண் மட்டும் 29-ல் தொடங்குகிறது, பழைய ஆர்டரிலிருந்து காப்பி செய்திருக்கிறார்கள். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கின்றன. `*` போட்ட கட்டாயப் புலம் ஒன்றுகூடக் காலி இல்லை. சிஆர்எம் பச்சைக்கொடி காட்டிவிட்டது.

இது அப்படியே பில்லிங்குக்குப் போனால் என்ன ஆகும்? மென்பொருள் ஜிஎஸ்டி எண்ணைப் பார்த்து, வெளிமாநில விற்பனை என்று ஐஜிஎஸ்டி போடும். ஓசூர் ஆலைக்கு வர வேண்டியது சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் ஆனதும் இந்த இன்வாய்ஸ் வாடிக்கையாளரின் பெங்களூர்ப் பதிவில் போய் உட்காரும். ஓசூர் அக்கவுன்டன்ட் தன் உள்ளீட்டு வரிப் பட்டியலான 2பி-யைத் திறந்து தேடினால் இருக்காது. "உள்ளீட்டு வரி வரவில்லை, பணம் தர மாட்டோம்" என்று போன் வரும்போது ஒன்றரை மாதம் ஓடியிருக்கும். அப்புறம் கிரெடிட் நோட், புது இன்வாய்ஸ், விளக்கக் கடிதம்.

அதனால் கட்டாயப் புலச் சோதனை என்றால் "காலியா, இல்லையா" என்று பார்ப்பதோடு நிற்க முடியாது. சொல்லப்போனால், புலத்தைக் கட்டாயம் ஆக்கும்போதே ஒரு புதுத் தொல்லை வந்து சேர்கிறது. வாடிக்கையாளரோடு முதல் போன் பேசும்போதே ஜிஎஸ்டி எண்ணைக் கேட்கும் திரையில், சேல்ஸ் ஆட்கள் `NA`, `.`, `0000` என்று எதையாவது அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த நேரத்தில் அவர்களிடம் அந்த எண் இருக்க வழியில்லை. ஆகவே பில்லுக்குத் தேவையான புலங்களை டீலை `Closed Won` நிலைக்கு மாற்றும்போது மட்டும் கட்டாயமாக்குங்கள். அதுவரை காலியாகவே இருக்கட்டும். காலிப் புலம் உண்மையைச் சொல்கிறது, புள்ளி வைத்த புலம் பொய் சொல்கிறது.

இரவுச் சோதனையில் நான் வைப்பது நான்கு கேள்விகள்தான். ஜிஎஸ்டி எண் சரியான எண்ணா? அதன் முதல் இரண்டு இலக்கமும் பில் முகவரியின் மாநிலமும் ஒத்துப்போகின்றனவா? ஒவ்வொரு பொருளுக்கான வரிசையிலும் சரக்கு வகையைச் சொல்லும் எச்எஸ்என் குறியீடும் அளவும் விலையும் இருக்கின்றனவா? பொருள் வரிசைகளின் கூட்டுத்தொகையும் டீல் தொகையும் ஒன்றா?

முதல் கேள்விக்கு இணையம்கூட வேண்டாம். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள்: முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்து பான் எண், கடைசி எழுத்து சரிபார்ப்புக்கானது. முன்னால் இருக்கும் 14 எழுத்துகளிலிருந்து அதைக் கணக்கிட்டுவிடலாம்.

```python
def gstin_ok(g):
    s = "0123456789ABCDEFGHIJKLMNOPQRSTUVWXYZ"
    if len(g) != 15 or any(c not in s for c in g):
        return False
    t = 0
    for i, c in enumerate(g[:14]):
        p = s.index(c) * (1 + i % 2)
        t += p // 36 + p % 36
    return g[14] == s[(36 - t % 36) % 36]
```

பூஜ்யத்துக்குப் பதில் `O` அடித்தது, பக்கத்துப் பக்கத்து எழுத்து இடம் மாறியது போன்ற தட்டச்சுப் பிழைகளைப் பெரும்பாலும் இது பிடித்துவிடும். ஆனால் அந்தப் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று இது சொல்லாது. அதற்கு ஜிஎஸ்டி தளத்தில்தான் பார்க்க வேண்டும். ஓசூர் டீலையும் இது பிடிக்காது, ஏனென்றால் அங்கே இருந்த 29 எண் முழுக்கச் சரியான எண். அதைப் பிடிப்பது இரண்டாவது கேள்விதான்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாநிலம் ஒத்துப்போகவில்லை என்றால் மென்பொருளே எதையும் திருத்தக் கூடாது. "அதே வாடிக்கையாளருக்கு 33 எண் ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டுவிடலாமே" என்று கேட்பார்கள். ஒருவேளை முகவரிதான் தப்போ என்னவோ. பெங்களூர் அலுவலகமே ஆர்டர் கொடுத்து, சரக்கை மட்டும் ஓசூருக்கு அனுப்பச் சொல்லியிருந்தால் பில் பெங்களூருக்குத்தான் போக வேண்டும், ஓசூர் டெலிவரி முகவரியில்தான் வர வேண்டும். இது விற்றவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அவரைக் கேட்பதுதான் வழி.

நான்காவது கேள்வி சாதாரணமாகத் தெரியும், ஆனால் பணம் அதிகம் தப்பாகப் போவது அங்கேதான். டீல் தொகைக் கட்டத்தைச் சிலர் வரியோடு சேர்த்து நிரப்புவார்கள், சிலர் வரி இல்லாமல். 1,00,000 ரூபாய் வால்வுகள், 18 சதவீத வரி, ஆக 1,18,000. சேல்ஸ் ஆள் டீல் தொகையில் 1,18,000 என்று போட்டிருக்கிறார். இணைப்பு எழுதியவர் அந்தத் தொகையையே எடுத்து பில்லிங்குக்குக் கொடுத்தால், அதன் மேல் இன்னொரு 21,240 வரி ஏறி, இன்வாய்ஸ் 1,39,240 என்று வரும். எனவே இன்வாய்ஸை எப்போதும் பொருள் வரிசைகளிலிருந்துதான் கட்ட வேண்டும். டீல் தொகை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்.

சோதனையில் தேறாத டீலை என்ன செய்வது? பல இணைப்புகளில் அதை லாகில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிவிடுகிறார்கள். லாகை யார் படிக்கிறார்கள்? மாதக் கடைசியில் வாடிக்கையாளர் "பில் எங்கே" என்று கேட்கும்போதுதான் தெரியவரும். நான் அதற்கென்று "நிறுத்தப்பட்டவை" என ஒரு பட்டியல் வைக்கிறேன். அதில் ஒவ்வொரு டீலுக்கும் காரணம், பொறுப்பாளர், நின்ற தேதி மூன்றும் இருக்கும். காலையில் பொறுப்பாளருக்குப் போகும் செய்தி இப்படி இருக்க வேண்டும்:

"ஓசூர் ஆலை டீல் பில் ஆகவில்லை. பில் முகவரி தமிழ்நாடு (33), ஜிஎஸ்டி எண் கர்நாடகா (29). ஆர்டர் கொடுத்தது எந்தக் கிளை? திருத்திவிட்டால் இன்று இரவு தானாகப் போய்விடும்."

"புலப் பிழை" என்று மட்டும் அனுப்பினால் அவர் உங்களுக்கே போன் போட்டு என்ன பிழை என்று கேட்பார். இரண்டு நாளில் அந்த மெயிலைத் திறப்பதையே விட்டுவிடுவார்.

"இன்று இரவு தானாகப் போய்விடும்" என்ற அந்த உறுதிமொழியில் ஒரு பொறி உண்டு. பொதுவாக இரவு வேலை, கடைசி ஓட்டத்துக்குப் பிறகு மாறிய டீல்களைத்தான் எடுக்கும். ஜிஎஸ்டி எண் டீலில் இல்லாமல் வாடிக்கையாளர் பக்கத்தில் இருக்கும் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சேல்ஸ் ஆள் அங்கே போய் எண்ணைத் திருத்துகிறார். டீலின் `Modified Time` அசையவே இல்லை. இரவு வேலை அந்த டீலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் தன் வேலையைச் சரியாக முடித்துவிட்டார், டீல் மட்டும் கிடப்பில் கிடக்கிறது. அதனால் நிறுத்தப்பட்ட பட்டியலில் இருப்பதை எல்லாம் மாறியதோ இல்லையோ, ஒவ்வொரு இரவும் புதிதாக எடுத்துச் சோதிக்க வேண்டும்.

நேரத்திலும் கவனம் வேண்டும். சர்வர் யுடிசி கணக்கில் ஓடினால் அதன் நள்ளிரவு நமக்கு அதிகாலை 5:30. "நேற்று ஜெயித்தவை" என்று தேதியை வைத்துக் கேட்டால் சில டீல்கள் இரண்டு நாளுக்கும் நடுவில் விழுந்துவிடும். தேதியை விட்டுவிட்டு, கடைசியாக முழுமையாக முடிந்த ஓட்டத்தின் நேரத்தைச் சேமித்துவைத்து, அதற்கும் ஒரு மணி நேரம் முன்னாலிருந்து கேளுங்கள். கொஞ்சம் திரும்ப வரும், வரட்டும்.

திரும்ப வருவது இரண்டாவது இன்வாய்ஸ் ஆகாமல் இருக்க, இன்வாய்ஸின் குறிப்பு எண் புலத்தில் டீலின் ஐடியை எழுத வேண்டும். உருவாக்கும் முன் அந்த ஐடியில் ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா என்று பில்லிங்கில் தேட வேண்டும். இது டைம்அவுட் ஆகும் நாளில் காப்பாற்றும். நாம் அனுப்பினோம், பில்லிங் இன்வாய்ஸைப் போட்டுவிட்டது, பதில் மட்டும் வரவில்லை. நம் பக்கம் தோல்வி என்று பதிவாகிறது. தேடாமல் மறுபடி அனுப்பினால் ஒரே ஆர்டருக்கு இரண்டு பில். வாடிக்கையாளர் பெயரையும் தொகையையும் வைத்து ஒப்பிடாதீர்கள், ஒரே ஆள் ஒரே வால்வை ஒரே விலைக்கு வாரா வாரம் வாங்குவது சகஜம்.

இரவில் போவது டிராஃப்டாக மட்டும் போகட்டும் என்பது என் உறுதியான கருத்து. டீல் ஜெயித்த நாளும் சரக்கு கிளம்பும் நாளும் ஒன்றல்ல. சரக்கு விற்பனையில் வரி இன்வாய்ஸ், சரக்கு வெளியேறும்போதோ அதற்கு முன்போ போட வேண்டியது. மார்ச் 31 இரவு ஜெயித்த டீலுக்கு இரவு வேலையே எண்ணும் தேதியும் கொடுத்துவிட்டால், ஏப்ரல் நடுவில் போகும் சரக்கு பழைய நிதியாண்டின் வரிசையில் போய் மாட்டிக்கொள்ளும். தேதியும் எண்ணும் அக்கவுன்ட்ஸ் ஆள் டிராஃப்டை இறுதி செய்யும்போது விழட்டும். இ-இன்வாய்ஸ் கட்டாயமான நிறுவனம் என்றால் இது இன்னும் முக்கியம். இ-இன்வாய்ஸ் தளத்தில் ஐஆர்என் என்ற பதிவு எண் வாங்கிய இன்வாய்ஸை அங்கே ரத்து செய்ய 24 மணி நேரம்தான் உண்டு.

கடைசியாக, காலை மெயிலில் ஒரு கணக்கு இருக்க வேண்டும்: எடுத்த டீல்கள் இத்தனை, புது டிராஃப்ட் இத்தனை, ஏற்கெனவே இருந்தவை இத்தனை, நிறுத்தப்பட்டவை இத்தனை. பின்னால் உள்ள மூன்றையும் கூட்டினால் முதலாவது வர வேண்டும். வரவில்லை என்றால் ஏதோ ஒரு டீல் வழியில் விழுந்திருக்கிறது, அன்று அதைத் தேடுவதுதான் முதல் வேலை. டீலே இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் எல்லாம் பூஜ்யம் என்று அந்த மெயில் போக வேண்டும். இல்லாவிட்டால், ஏபிஐ டோக்கன் காலாவதியாகி இரவு வேலை நான்கு நாளாக ஓடவே இல்லை என்பதையும், நான்கு நாளாக விற்பனை இல்லை என்பதையும் அக்கவுன்ட்ஸில் இருப்பவரால் பிரித்தறிய முடியாது.