வீட்டு மீட்டரில் சர்க்கரை 212, லேப் ரிப்போர்ட்டில் 168

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன மாதம் ரிப்போர்ட்டோடு எங்கள் லேபுக்கு வந்தார். "தம்பி, வீட்டு மிஷின்ல 212. நீங்க 168னு போட்டிருக்கீங்க. எது பொய்?"

இரண்டுமே பொய் இல்லை. காலை ஏழரைக்கு இட்லி சாப்பிட்டு, ஒன்பதரைக்கு விரலில் குத்திப் பார்த்திருக்கிறார். பஸ் பிடித்து வந்து எங்களிடம் ரத்தம் கொடுத்தபோது மணி பத்தேகால். அந்த முக்கால் மணி நேரத்திலேயே சர்க்கரை இறங்கியிருக்கும்.

அதோடு, விரல் நுனியில் வருவது தந்துகி ரத்தம். திசுக்கள் சர்க்கரையை எடுத்துக்கொள்வதற்கு முன் அது அங்கே வந்துவிடுகிறது. நாங்கள் கையில் ஊசி போட்டு எடுப்பது, திசுக்கள் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு திரும்பும் சிரை ரத்தம். வெறும் வயிற்றில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் 20, 30 கூடுதலாக இருப்பது சகஜம்.

எங்கள் பக்கமும் ஒரு கோளாறு உண்டு. டியூபில் எடுத்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண டியூபில் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். அதற்காகத்தான் ஃப்ளோரைடு போட்ட சாம்பல் மூடி டியூப். அதுவும் உடனே வேலை செய்யாது. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப்போகும் பையன் நான்கு வீடு சுற்றிவிட்டு லேபுக்கு வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

மீட்டருக்கும் ஒரு வரம்பு உண்டு. ஐஎஸ்ஓ 15197 என்ற தரவிதியின்படி, லேப் அளவு 100க்கு மேல் இருந்தால் 15 சதவீதமும், அதற்குக் கீழே என்றால் 15 மில்லிகிராமும் கூடவோ குறையவோ இருக்கலாம். நூற்றுக்கு 95 அளவுகள் இதற்குள் வந்தால் போதும். ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல மீட்டர்கள் கூடுதலாகக் காட்டும். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் கேட்கவே வேண்டாம்.

ஆசிரியரிடம், "ஒருநாள் வெறும் வயிற்றில் மிஷினையும் எடுத்துக்கொண்டு வாங்க சார்" என்றேன். வந்தார். சோப்பு போட்டுக் கைகழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு விரலில் குத்தினார். மீட்டர் 138 காட்டியது. அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் கையில் ரத்தம் எடுத்து, உடனே வேகமாகச் சுற்றவிட்டு ரத்த அணுக்களைத் தனியே பிரித்து, சர்க்கரையை அளந்தோம். 126. அதில் 15 சதவீதம் ஏறத்தாழ 19. ஆக 107லிருந்து 145 வரை எது வந்தாலும் மீட்டரைக் குறை சொல்ல முடியாது.

இந்த வரம்பைத் தாண்டியிருந்தால் முதலில் ஸ்ட்ரிப் டப்பாவின் காலாவதித் தேதியைப் பார்த்திருப்பேன். மூடியைத் திறந்தே வைத்தாலும் ஈரம் ஏறி ஸ்ட்ரிப் கெட்டுவிடும். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று முடிவு செய்ய லேப் அளவுதான் வேண்டும். ஆனால் கை நடுங்கி வியர்க்கும்போது மீட்டர் 62 காட்டினால், லேபைத் தேடி ஓடாதீர்கள். முதலில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடியுங்கள்.