பழைய வேப்பைக் கடை திருப்பி எடுக்க வேண்டும்: பிரிட்டன் விதியும் அதில் மாட்டும் இடங்களும்

ஒருமுறை பாவித்துவிட்டு வீசும் வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, தடை வந்த கொஞ்ச நாளில், லண்டனில் மூலைக்கடை நடத்தும் அண்ணை ஒருவர் போன் எடுத்தார். கவுண்டருக்குக் கீழே விற்காத வேப் இரண்டு பெட்டி. கவுன்சிலின் மறுசுழற்சி மையத்துக்குக் கொண்டுபோனால், "கடைக் குப்பை, இங்கே எடுக்க மாட்டோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மொத்தக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். கவுன்சிலுக்குப் போன் செய்தால் ஒரு பிரிவு இன்னொரு பிரிவைக் காட்டியது, அது இணையத்தைப் பார்க்கச் சொன்னது. கடைசியில் வேனோடு வந்த ஒருவர், இருபது பவுண்ட் தந்தால் இரண்டு பெட்டியையும் கொண்டுபோகிறேன் என்றாராம்.

"குடுக்கட்டோ?"

"குடுக்காதையுங்கோ அண்ணை" என்றேன்.

அவசரத்தில் பலர் அகப்படுவது இங்கேதான். கவுன்சில் மையம் வீட்டுக் குப்பைக்கு. கடையில் மிஞ்சியது வணிகக் கழிவு. அதைக் கழிவு ஏற்றப் பதிவு பெற்றவரிடம் ஒப்படைத்து, அதற்கான தாளும் வாங்கும்வரை பொறுப்பு கடைக்காரருடையது. வேன்காரர் அதை ஒரு வயல் ஓரத்தில் கொட்டினால், பெட்டியில் ஒட்டியிருக்கும் முகவரியை வைத்து உங்களிடம்தான் வருவார்கள். இங்கிலாந்தில் கழிவு ஏற்றுவோரின் பதிவேட்டைச் சுற்றுச்சூழல் முகமை இணையத்தில் வைத்திருக்கிறது. பெயரைப் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

2025 ஜூன் 1 முதல் பிரிட்டன் முழுவதும் ஒருமுறை வேப் விற்கக் கூடாது. பழைய சரக்கை விற்றுத் தீர்க்கவும் அவகாசம் கிடையாது. வேப் விற்கும் கடை, பழைய வேப்பை இலவசமாகத் திருப்பி எடுக்கவும் வேண்டும்.

வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பக் கடைகள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் செல்லாது. "எங்கள் பிராண்ட் இல்லை" என்பது காரணமே அல்ல. வேப்புக்கு வேப், அவ்வளவுதான். "வாங்கும்போதே கொண்டுவந்திருக்க வேண்டும்" என்பதும் தவறு, வாங்கிய பிறகு குறைந்தது 28 நாள் அவகாசம் உண்டு. ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். சின்னக் கடைக்கு உள்ள கடமை ஒன்றுக்கு ஒன்று: நீங்கள் புதிதாக ஒன்று வாங்கினால்தான் பழைய ஒன்றைக் கட்டாயம் எடுக்க வேண்டும். மின்பொருள் விற்கும் பரப்பு 400 சதுர மீட்டரோ அதற்கு மேலோ உள்ள பெரிய கடை, ஒன்றும் வாங்காமல் போனாலும் இந்தச் சின்னச் சாமானை எடுக்க வேண்டும். மகன் அலுமாரியில் பத்துப் பழைய வேப் கிடந்தால் மூலைக்கடையில் சண்டை பிடிக்காதீர்கள். பெரிய கடைக்கோ கவுன்சில் மையத்துக்கோ கொண்டுபோங்கள்; வீட்டிலிருந்து வருவதை மையம் எடுக்கும்.

கடைக்காரர் எடுத்தால் மட்டும் போதாது. இலவசமாக எடுக்கிறோம் என்று எழுதி ஒட்ட வேண்டும். எத்தனை வந்தது, யாரிடம் போனது என்ற கணக்கை நான்கு வருடம் வைத்திருக்க வேண்டும். பலருக்கு இது சோதனைக்கு ஆள் வந்த அன்றுதான் தெரிகிறது.

அடுத்த பொறி, யூஎஸ்பி ஓட்டை. "சார்ஜ் போடலாம், சட்டப்படி சரி" என்று மொத்தக் கடையில் தலையில் கட்டுகிறார்கள். சார்ஜ் ஏறினால் மட்டும் போதாது. திரவம் திரும்ப நிரப்பவோ, திரவம் நிரப்பிய சின்னக் கூட்டை, அதாவது 'பாட்' என்பதை, தனியாக வாங்கி மாற்றவோ முடிய வேண்டும். சூடேற்றும் கம்பிச்சுருளும் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், அது பாட்டுக்குள்ளேயே வந்தாலும் சரி. வாங்குமுன், "இதற்குப் பாட் தனியாக எங்கே?" என்று கேளுங்கள். "அடுத்த வாரம் வரும்" என்றால் வாங்காதீர்கள். இங்கிலாந்தில் ஒருமுறை வேப் விற்று முதல் தடவை பிடிபட்டால் 200 பவுண்ட் அபராதம் வரலாம். திரும்பச் செய்தால் எல்லையில்லாத அபராதம் அல்லது இரண்டு வருடம் வரை சிறை.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், அந்தப் பிளாஸ்டிக் குழாய்க்குள் இருப்பது லித்தியம் பேட்டரி. பலவற்றில் அது நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் ஏறக்கூடிய அதே வகைதான், ஓட்டை மட்டும் வைக்காமல் மூடிவிட்டார்கள். 2023-ல் பிரிட்டனில் வாரத்துக்குச் சுமார் 50 லட்சம் ஒருமுறை வேப் வீசப்பட்டதாக மெட்டீரியல் ஃபோகஸ் அமைப்பு கணக்கிட்டது. ஒரு வருடத்தில் அப்படிப் போகும் லித்தியம் 5,000 மின்கார் பேட்டரிக்குப் போதுமாம். பேட்டரி, செம்பு, பிளாஸ்டிக், நிகோட்டின் ஊறிய பஞ்சு எல்லாம் ஒன்றாக அடைந்திருப்பதால், ஒவ்வொன்றையும் கையால் பிரிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவுக்குப் பயந்துதான் பலர் எடுக்கத் தயங்குகிறார்கள்.

குப்பை லாரி இதை நசுக்கும்போது பேட்டரியின் உள்தகடுகள் ஒன்றோடொன்று தொட்டு, தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். அணைந்தது போலிருந்து திரும்பவும் எரியும். கடையிலும் இதே ஆபத்துதான். திருப்பி எடுத்த வேப்பை அட்டைப்பெட்டியில் அமுக்கிக் கவுண்டருக்குக் கீழே, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தீ தாங்கும் மூடி வாளியில், வெளியே போகும் வழியை மறிக்காமல் வையுங்கள். பேட்டரியைக் கழற்றலாம் என்று கத்தியால் நெம்ப வேண்டாம். வீங்கியதோ நசுங்கியதோ வந்தால் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வையுங்கள், எடுக்க வருபவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அண்ணையின் இரண்டு பெட்டியும் மூன்று வாரம் கழித்து, பதிவு எண்ணோடு வந்த லாரியில் போனது. அந்தத் தாளைக் கணக்குக் கோப்பில் முதலாவதாக வைத்திருக்கிறார்.