வேல்யூ, குரோத்: பங்குச்சந்தையில் 'மதிப்பு' என்ற சொல் படும் பாடு

நெல் வயல் வரப்பில் நின்று கதிரைப் பார்த்துவிட்டு, "ஏக்கருக்கு முப்பது மூட்டை தேறும்" என்று சொல்கிற ஆள் செய்வதற்குப் பெயர்தான் மதிப்பு. 'மதி' என்ற வினைக்கு அளவிடு, கணக்கிட்டுப் பார் என்ற பொருளும் உண்டு. ஒருவரை உயர்வாக எண்ணுவதும் அதே வினைதான். அளந்து பார்க்காமல் கண்ணால் கணிப்பதற்குக் 'குத்துமதிப்பு' என்றே ஒரு சொல் வைத்திருக்கிறோம். 'விலை' வேறு வழியாக வந்த சொல். வில், விற்றல், விலை. ஒரு பொருள் கைமாறும்போது எவ்வளவுக்குப் போனதோ அது விலை. விலையை ஊரே பார்க்கலாம். மதிப்பு, பார்க்கிற ஆளின் தலைக்குள் இருக்கும் கணக்கு.

மதிப்பைவிடக் குறைந்த விலைக்குப் பங்கு வாங்கும் வேல்யூ இன்வெஸ்டிங் என்ற முறை நிற்பது இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில்தான். 'வேல்யூ' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான லத்தீன் வினைக்கு வலுவாயிருத்தல், பெறுமானம் உடையதாயிருத்தல் என்று பொருள். அதாவது அங்கே, பொருளுக்குள்ளேயே இருக்கும் வலு. நம் 'மதிப்பு' வெளியே நிற்பவர் போடும் கணக்கு. இந்த வேறுபாட்டுக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் நியூயார்க்கின் பெஞ்சமின் கிரஹாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். டேவிட் டாட் என்பவருடன் சேர்ந்து 1934-ல் எழுதிய பாடநூல்தான் தொடக்கம். 1929 பங்குச்சந்தைச் சரிவில் கையைச் சுட்டுக்கொண்ட அனுபவம் அவருக்கு இருந்தது. அதனால் எதிர்காலக் கணிப்புகளை நம்பாத ஒரு கணக்கைப் பிடித்தார். கம்பெனியிடம் இருக்கும் பணம், வரவேண்டிய பாக்கி, கிடங்கில் உள்ள சரக்கு ஆகியவற்றைக் கூட்டி, எல்லாக் கடனையும் கழி. கட்டடம், இயந்திரம் எதையும் சேர்க்காதே. வரும் தொகையைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதில் மூன்றில் இரண்டுக்கும் குறைவான விலையில் ஒரு பங்கு கிடைத்தால் வாங்கு. மீதி மூன்றில் ஒரு பங்குதான் பாதுகாப்பு இடைவெளி. கணக்கே குத்துமதிப்பு என்பதால், தப்பினாலும் தாங்குவதற்கு அந்த இடைவெளி வேண்டும்.

இந்தச் சல்லடையில் விழுவது எந்த மாதிரிக் கம்பெனி? சந்தை கைவிட்ட கம்பெனி. பழைய தொழில், சரிந்த லாபம், பேச ஆளில்லாத பங்கு. நல்ல உதாரணம் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் இருந்த ஒரு துணி ஆலை. பெயர் பெர்க்ஷயர் ஹாத்தவே. கிரஹாமிடம் படித்த வாரன் பஃபெட் 1962 டிசம்பரில் இதை 7.50 டாலருக்கு வாங்கத் தொடங்கினார். அப்போது ஒரு பங்குக்கு நடைமுறை மூலதனம், அதாவது பணம், பாக்கி, சரக்கிலிருந்து உடனடிக் கடனைக் கழித்தால் வருவது மட்டுமே 10 டாலருக்கு மேல். கட்டடம், இயந்திரத்தையும் சேர்த்துக் கடனைக் கழித்த ஏட்டுக் கணக்கான புத்தக மதிப்பு சுமார் 20 டாலர். குருவின் பாடப்படி கண்ணை மூடிக்கொண்டு வாங்கவேண்டிய பங்கு. ஆலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த நிர்வாகம், வந்த பணத்தில் தன் பங்குகளையே திரும்ப வாங்கியது. நிர்வாகம் அடுத்த முறை வாங்கும்போது தன்னிடம் உள்ளதை லாபத்தில் தள்ளிவிடலாம் என்பதுதான் பஃபெட்டின் திட்டம்.

1964-ல் அந்தச் சமயம் வந்தது. பதினொன்றரை டாலர் தருவதாக வாயால் சொன்ன ஆலைத் தலைவர், எழுத்தில் அரைக்கால் டாலர் குறைத்து அனுப்பினார். கோபத்தில் பஃபெட் விற்காமல் மேலும் வாங்கி, 1965-ல் கம்பெனியையே கைப்பற்றிவிட்டார். (அரைக்கால் டாலருக்கு வந்த ரோஷம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது தனிக் கதை.)

பிறகு நடந்ததுதான் வேல்யூ முறையின் அசல் ஆபத்து. பங்கை மலிவாக வாங்கியாயிற்று, தொழில் அப்படியே நொண்டுகிறது. போட்டி ஆலைகளுக்கு ஈடுகொடுக்கப் புதிய தறி வாங்க வேண்டும். வாங்கினால் செலவு குறையும். ஆனால் எல்லா ஆலையும் அதையே வாங்குவதால் துணி விலையும் சேர்ந்து குறையும். மிச்சம் வாடிக்கையாளருக்கு, செலவு முதலாளிக்கு. இருபது ஆண்டுகள் இழுத்துப் பிடித்து 1985-ல் துணித் தொழிலை மூடினார்கள். 1981-ல் தலா 5,000 டாலர் கொடுத்து வாங்கிய தறிகளை 50 டாலருக்குக் கேட்கக்கூட ஆளில்லை. கடைசியில் 26 டாலர் வீதம் பழைய இரும்புக்குப் போயின. வாங்கியபோது மொத்தம் 1.3 கோடி டாலர் ஆன இயந்திரங்கள் விற்றபோது கொடுத்தது 1,63,122 டாலர். ஏட்டில் அவற்றின் மதிப்பு அப்போதும் 8,66,000 டாலர் என்று இருந்தது.

ஏட்டு மதிப்பு வேறு, விற்றால் வரும் காசு வேறு. மலிவாகத் தெரிந்த பங்கு இப்படிச் சிக்கவைப்பதை ஆங்கிலத்தில் 'வேல்யூ டிராப்' என்கிறார்கள். தமிழில் 'மதிப்புப் பொறி' என்று எழுதுவதைப் பார்க்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. எலியை இழுத்தது மதிப்பு அல்ல, மலிவு. 'மலிவுப் பொறி' என்பதே பொருந்தும். அடையாளம் காண ஒரு வழி உண்டு. நான்கைந்து ஆண்டு அறிக்கைகளை வரிசையாக வைத்து, நீங்கள் நம்பி வாங்கும் அந்தக் கையிருப்பும் சரக்கும் ஆண்டுதோறும் கரைகின்றனவா என்று பார்க்க வேண்டும். கரைந்தால், இன்று தெரியும் பாதுகாப்பு இடைவெளி நாளை இருக்காது. காத்திருக்கக் காத்திருக்க நஷ்டம்.

குரோத் இன்வெஸ்டிங் இதற்கு நேர் எதிர்த் திசையில் பிறந்தது. இந்தப் பெயரைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பால்டிமோரைச் சேர்ந்த டி. ரோவ் பிரைஸ். 1930-களின் கடைசியில் இதைப் பற்றி எழுதினார். 1950-ல் 'குரோத் ஸ்டாக்' என்று பெயரிட்டே ஒரு ஃபண்ட் தொடங்கினார். இவர்கள் பார்ப்பது இன்றைய சொத்தை அல்ல. விற்பனை ஆண்டுக்கு ஆண்டு வேகமாகக் கூடுகிறதா, லாபத்தை டிவிடெண்டாகப் பிரித்துக் கொடுக்காமல் தொழிலிலேயே போட்டு மேலும் பெருக்க இடம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மாந்தோப்பைப் பூக்கும்போதே குத்தகைக்கு எடுக்கும் வியாபாரி மாதிரி. மரத்தையும் நிலத்தையும் அவர் விலை பேசவில்லை. இன்னும் வராத காய்க்குப் பணம் கட்டுகிறார். பூத்ததெல்லாம் காய்க்காது என்று அவருக்குத் தெரியும். எத்தனை உதிரும் என்பதுதான் தெரியாது.

இதில் உள்ள ஆபத்தைச் சின்னக் கணக்கில் சொல்கிறேன். ஒரு பங்கின் விலை 100 ரூபாய், ஆண்டு லாபம் 2 ரூபாய். லாபத்தைப் போல் 50 மடங்கு விலை, பேச்சு வழக்கில் பி.இ. 50. ஆண்டுக்கு 25 சதவீதம் வளரும் என்று நம்பித்தான் இவ்வளவு கொடுக்கிறார்கள். ஆனால் அடுத்த மூன்று ஆண்டும் 10 சதவீதம்தான் வளர்ந்தது என்று வையுங்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் லாபம் 2 ரூபாய் 66 காசு. கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஆனால் 10 சதவீதம் வளரும் கம்பெனிக்கு யாரும் 50 மடங்கு தர மாட்டார்கள். 20 மடங்கு தந்தால் விலை 53 ரூபாய். லாபம் மூன்றில் ஒரு பங்கு கூடியும் முதலீட்டில் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது.

இதே கதை பெரிய அளவில் நடந்தது சிஸ்கோவுக்கு. இணைய வலையமைப்புக் கருவிகள் செய்யும் கம்பெனி. 2000 மார்ச்சில் உலகிலேயே அதிகச் சந்தை மதிப்புள்ள கம்பெனியாகி, பங்கு 80 டாலரைத் தொட்டது. லாபத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேல். மறு ஆண்டே வாங்குபவர்கள் கையை மடக்க, விற்காமல் தேங்கிய சரக்குக்காக 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் எழுத வேண்டியிருந்தது. 2002 அக்டோபரில் பங்கு 10 டாலருக்கும் கீழே. கம்பெனி பொய்யானதல்ல. 2000-ல் சுமார் 1,900 கோடி டாலராக இருந்த ஆண்டு விற்பனை 2025-ல் 5,600 கோடியைத் தாண்டியது. இருந்தும் பழைய 80 டாலருக்குப் பங்கு திரும்பியது 2025 டிசம்பரில்தான். தொழில் மூன்று மடங்காயிற்று. உச்சத்தில் வாங்கியவருக்கு டிவிடெண்ட் தவிர ஒன்றுமில்லை. இங்கே முன்கூட்டிக் காட்டிக்கொடுப்பது கிடங்கு. விற்பனையை விடச் சரக்கும் வரவேண்டிய பாக்கியும் வேகமாகக் கூடினால், பூ உதிரத் தொடங்கிவிட்டது.

ஆக, தோற்கும்போது, வேல்யூ முறையில் கம்பெனியைப் பற்றித் தப்பாகக் கணிக்கிறோம். குரோத் முறையில் பெரும்பாலும் கம்பெனியைச் சரியாகக் கணித்து, விலையில் தப்புகிறோம். அப்புறம், இரண்டும் எதிரிகள் என்பதே மேலோட்டமான பேச்சு. வளர்ச்சியும் மதிப்புக் கணக்கில் சேரும் ஒரு கூறுதான், 'வேல்யூ இன்வெஸ்டிங்' என்பதே கூறியது கூறல் என்று பஃபெட் 1992-ம் ஆண்டுக் கடிதத்தில் எழுதினார். சொத்து 80 லட்சம் டாலர் மட்டுமே இருந்த சீஸ் என்ற மிட்டாய்க் கம்பெனிக்கு 1972-ல் 2.5 கோடி கொடுத்தவர் அவர். கிரஹாம் கணக்கில் அது விலை அதிகம். 2007-க்குள் அது ஈட்டிக் கொடுத்த வரிக்கு முந்தைய லாபம் 135 கோடி டாலர். ஆனால் குறியீட்டெண் தயாரிப்பவர்களுக்கு இந்த நுணுக்கம் ஆகாது. அமெரிக்காவின் ரஸ்ஸல் போன்ற குறியீடுகளில் புத்தக மதிப்போடு ஒப்பிட்டால் விலை குறைவாக இருப்பவை பெரும்பாலும் 'வேல்யூ' பக்கம், மற்றவை 'குரோத்' பக்கம். நடுவில் இருப்பவற்றை இரண்டிலும் பங்கு பிரித்துவிடுவார்கள். அந்த 'வேல்யூ'வுக்கு மலிவு என்பதற்கு மேல் அதிகப் பொருள் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மதிப்பு முதலீடு', 'வளர்ச்சி முதலீடு' என்பவை நிலைத்துவிட்டன, மாற்றவேண்டிய அவசியமில்லை. 'விழுமிய முதலீடு' என்று போடுவது தவறு. விழுமியம் அறநெறி சார்ந்த சொல். 'மதிப்பு' என்பதில் ஒரு சங்கடம் மட்டும் உண்டு. சந்தை மதிப்பு, முகமதிப்பு, புத்தக மதிப்பு எல்லாவற்றுக்கும் அதே சொல்தான் உழைக்கிறது. கிரஹாம் தேடியது இவை எதுவுமல்ல, பங்கு உண்மையில் என்ன பெறும் என்பதை. 'காலணா பெறாது' என்கிறோமே, அந்தப் 'பெறு'. நாம் மதிப்புக் கூட்டு வரி என்று சொல்வதை இலங்கையில் பெறுமதி சேர் வரி என்கிறார்கள். உள்ளார்ந்த மதிப்பு என்று சுற்றி வளைப்பதைவிடப் 'பெறுமதி' அல்லது 'பெறுமானம்' என்றால் விலையோடும் ஏட்டுக் கணக்கோடும் குழம்பாது. நான் எழுதும்போது முறைக்கு மதிப்பு முதலீடு என்றும், அதில் தேடும் பொருளுக்குப் பெறுமானம் என்றும் வைத்துக்கொள்கிறேன்.

'வளர்ச்சி'க்கு வேறொரு தொல்லை. மியூச்சுவல் ஃபண்ட் படிவத்தில் 'குரோத்' என்று ஒரு கட்டம் இருக்கும். வரும் லாபத்தை உங்களுக்குப் பிரித்துத் தராமல் ஃபண்டிலேயே விட்டுவைப்பார்கள் என்பது மட்டுமே அதன் பொருள். 2017-ல் செபி வகுத்த பங்கு ஃபண்ட் வகைகளில் வேல்யூ ஃபண்ட் உண்டு; குரோத் என்று தனி வகை கிடையாது. ஆகவே வேல்யூ ஃபண்ட் ஒன்றில் குரோத் கட்டத்தில் டிக் போடுகிறவர், வளரும் கம்பெனி எதையும் தேர்ந்தெடுத்துவிடவில்லை.