மூக்கால் பேசுகிறாள் என்று கேலி செய்கிறார்களா? உதடு, அண்ணப் பிளவுடன் பிறந்த குழந்தையின் முதல் பள்ளி ஆண்டு

ஏறத்தாழ எழுநூறு குழந்தைகளில் ஒன்று உதட்டிலோ மேல் அண்ணத்திலோ பிளவுடன் பிறக்கிறது. உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளும், அண்ணத்தை ஒன்பது முதல் பதினெட்டு மாதத்துக்குள்ளும் தைத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் அரசின் ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்திலும், ஸ்மைல் டிரெயின் அமைப்போடு சேர்ந்து இயங்கும் மருத்துவமனைகளிலும் இந்த அறுவை சிகிச்சை இலவசமாக நடக்கிறது. தையல் பிரித்ததும் வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். அடுத்த சிக்கல் நான்கைந்து வருடம் கழித்து, ஒன்றாம் வகுப்பில் வருகிறது.

பெற்றோர் பெரும்பாலும் உதட்டுத் தழும்பைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். "இன்னும் ஒரு ஆபரேஷன் பண்ணி கோட்டை மறைச்சிடலாமா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆனால் இந்த வயதுப் பிள்ளைகள் தழும்பை ஒரு வாரம் பார்ப்பார்கள், கேட்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள். குரலுக்கு அப்படிப் பழகுவதில்லை. குரலை மிமிக்ரி செய்யலாம், அதற்கு மற்றவர்கள் சிரிப்பார்கள். அதனால் கேலி அங்கேதான் நிலைத்து நிற்கிறது. அதற்குப் பின்னால் பல நேரம் சரிசெய்யக்கூடிய உடல் காரணம் ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் "தைரியமா இரு" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், குழந்தை தன்மேல்தான் தவறு என்று எடுத்துக்கொள்ளும்.

ஒன்றாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உதடு, அண்ணம் இரண்டும் தைத்தாகிவிட்டது. ஜூனில் ஆசையாகப் பள்ளிக்குப் போனவள் ஆகஸ்டில் காலையில் வயிற்றுவலி என்கிறாள். கேலி செய்கிறார்களா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். ஆனால் வாட்டர் பாட்டில் தினமும் நிறைய தண்ணீரோடு திரும்பி வருகிறது. டிபன் பாக்ஸில் ரசம் சாதம் அப்படியே இருக்கிறது. வகுப்பில் வாசிக்கச் சொல்லும் நாள்களில் வயிற்றுவலி கூடுகிறது. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் தண்ணீர். அண்ணம் தைத்த இடத்தில், பெரும்பாலும் முன்பக்கம், சிறு துளை விட்டுப்போவது உண்டு. அண்ணாந்து தூக்கிக் குடிக்கும்போது தண்ணீர் அதன் வழியாக மூக்கில் வரும். நான்கு பேர் முன்னால் ஒரு தடவை அப்படி ஆகிவிட்டால் போதும், அந்தக் குழந்தை பள்ளியில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும். வீட்டில் டம்ளரில் வாய்வைத்து நிதானமாகக் குடிப்பதால் பெற்றோருக்கு இது தெரியாமலே போகும். அதற்காகத் தனி டம்ளர் ஒன்று கொடுத்தனுப்புங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, உதடு படவைத்து, சின்னச் சின்ன மிடறாகக் குடிக்கப் பழக்குங்கள். மதியத்துக்கு ரசம் சாதம், கஞ்சிக்குப் பதில் இட்லி, தோசை, சப்பாத்தி கொடுத்தால் மூக்கில் ஏறுவது குறையும். இது தற்காலிக ஏற்பாடுதான். துளையை மூட வேண்டுமா, எப்போது மூடுவது என்பதை அறுவை சிகிச்சை மருத்துவர் சொல்வார். அதுவரை துளையை மறைக்கும் தட்டு ஒன்றைப் பல் மருத்துவர் செய்துகொடுக்க முடியும்.

அடுத்தது குரல். ப, ட, த, க, ச போன்ற எழுத்துகளைச் சொல்ல வாய்க்குள் காற்று அழுத்தம் சேர வேண்டும். அதற்கு அண்ணத்தின் பின்பகுதி மேலே எழும்பி மூக்குக்குப் போகும் வழியை அடைக்க வேண்டும். தைத்த அண்ணம் குட்டையாக இருந்தாலோ சரியாக அசையாவிட்டாலோ காற்று மூக்கு வழியே கசிந்துவிடும். அப்போது 'பாப்பா' என்பது 'மாம்மா' போலக் கேட்கும். ம, ந, ல, வ, ய எழுத்துகளில் இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரியாது. அதனால்தான் "மாமா வா" என்று தெளிவாகச் சொல்லும் குழந்தை, "பாட்டி கதை" என்று சொல்லும்போது தடுமாறுகிறது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சளி இல்லாத நாளில் "பாப்பா, பாட்டி, தாத்தா, காக்கா" என்று குழந்தையைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு மூக்கை மெதுவாக மூடிக்கொண்டு அதையே சொல்லச் சொல்லுங்கள். இரண்டு தடவையும் ஒரே மாதிரி கேட்டால் நல்லது. மூக்கை மூடியதும் குரல் மாறினாலோ எழுத்து சட்டென்று தெளிவானாலோ காற்று மூக்கில் கசிகிறது என்று பொருள். ம, ந வரும் சொற்களை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். மூக்கை மூடினால் யாருக்குமே அவை மாறும். இது ஓர் அறிகுறி மட்டுமே. பேச்சுப் பயிற்சியாளர் கேட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் மூக்கு வழியே சிறு கேமரா விட்டு, அண்ணம் எவ்வளவு மூடுகிறது என்று பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

இங்கேதான் பல குடும்பங்கள் வருடக் கணக்கை இழக்கின்றன. பலூன் ஊது, விசில் ஊது, மெழுகுவர்த்தி அணை என்று பயிற்சி கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஊதுவதில் குழந்தை தேறலாம், பேச்சு அதனால் மாறாது. வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்ப்பதாலும் பயன் இல்லை. அண்ணம் மூடுவதற்குத் தேவையான நீளமே இல்லையென்றால் எந்தப் பயிற்சியும் அதை நீட்டாது. அதற்கு இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படும். அண்ணம் நன்றாக மூடியும் எழுத்தைத் தொண்டையிலிருந்து சொல்லிப் பழகிவிட்ட குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குக் கத்தி வேண்டாம், பேச்சுப் பயிற்சி போதும். எது எந்த வகை என்று தெரியாமல் எதையும் தொடங்காதீர்கள்.

குரலோடு காதையும் பார்த்துவிடுங்கள். அண்ணப் பிளவு உள்ள குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது மிகச் சாதாரணம். வலி இருக்காது, சீழும் வராது, கேட்பது மட்டும் மந்தமாகும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு வகுப்பில் 'மந்தம்' என்று இன்னொரு பட்டப்பெயர் சேரும். பள்ளியில் சேர்க்கும் முன் காதுப் பரிசோதனை ஒன்று கட்டாயம் வேண்டும்.

இனி வகுப்பறை. "உன் உதட்டுல என்ன?" என்று முதல் வாரம் கேட்கும் பிள்ளை பெரும்பாலும் கேலி செய்வதில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறது. பதில் கிடைத்துவிட்டால் அடங்கிவிடும். பதில் இல்லாமல் குழந்தை தலையைக் குனிந்துகொண்டால் அந்தக் கேள்வியே விளையாட்டாக மாறும். முகத்தில் வேறுபாடு உள்ளவர்களுக்காக 1992இல் ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் பிரிட்டனில் தொடங்கிய சேஞ்சிங் ஃபேசஸ் அமைப்பு ஒரு வழியைப் பரப்பியது. சுருக்கமாக விளக்கு, பயம் போக்கு, பேச்சை மாற்று. நம் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் வாயில் அது இப்படி வரும்: "பொறந்தப்பவே இப்படித்தான், டாக்டர் தைச்சுட்டாங்க. வலி இல்ல, உனக்கு ஒட்டிக்காது. வா, விளையாடலாம்."

அந்தப் பதில் குழந்தையால் தெளிவாகச் சொல்ல முடிந்ததாக இருக்க வேண்டும். குரலில் கசிவு இருக்கும்போது மேலே உள்ள முதல் வாக்கியமே அவளுக்குக் கடினம். சொல்லப்போய்த் திக்கினால் அதுவும் கேலியாகும். அப்படியானால் "வலி இல்ல. வா, விளையாடலாம்" என்பது மட்டும் போதும். ஏறக்குறைய எல்லாமே அவளுக்கு எளிதில் வரும் எழுத்துகள். விளக்கத்தை ஆசிரியரிடம் விட்டுவிடலாம். வீட்டில் அப்பா ஒரு பிள்ளையாக, அண்ணன் ஒரு பிள்ளையாக மாறி மாறிக் கேட்க, அவள் பதில் சொல்லிவிட்டு ஓடிவிட வேண்டும். யோசிக்காமல் வாயில் வரும்வரை இரண்டு வாரம் விளையாட்டாகவே பழக்குங்கள். கீழே விழுந்து அடிபட்டது என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அந்தப் பொய் வெளிப்படும் நாளில், தன் முகம் மறைக்க வேண்டிய ஒன்று என்று குழந்தைக்குப் புரிந்துபோகும்.

ஆசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்வதைவிட ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். பிறவிப் பிளவு, தொற்றாது, படிப்பதில் தடை இல்லை. எந்தக் காது நன்றாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் ஆசிரியர் இருக்கும்படி முன்வரிசையில் இடம். தனி டம்ளர் எதற்கு என்ற விவரம். வாசிக்கும் முறை வரும்போது அவளையும் வாசிக்கச் சொல்லுங்கள், ஆனால் முந்தைய நாளே பகுதியைச் சொல்லிவிடுங்கள் என்ற வேண்டுகோள். இவ்வளவு போதும். அவளை எழுப்பி நிறுத்தி "இவளை யாரும் கிண்டல் பண்ணக் கூடாது" என்று வகுப்புக்கு அறிவிப்பதை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் அதுவரை கவனிக்காத பிள்ளைகளும் அன்றுதான் கவனிப்பார்கள். பரிதாபப்பட்டு வாசிப்பிலிருந்து விலக்கி வைப்பதும் அதே வேலையைச் செய்யும்.

கேலியில் வரும் சில சொற்கள் வீட்டிலிருந்தே போகின்றன. "கிரகணத்தன்னைக்கு உங்கம்மா அருவாமணையில காய் நறுக்கினா" என்று பாட்டி சொல்வது குழந்தையின் காதில் விழுகிறது. உதடு சேர்வது கர்ப்பத்தின் நான்கு முதல் ஏழாவது வாரத்துக்குள், அண்ணம் ஒன்பதாவது வாரத்துக்குள். பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போயிருப்பது அப்போதுதான் உறைக்கும். கிரகணத்துக்கும் கத்திக்கும் இதில் வேலையே இல்லை. இதைப் பாட்டியைக் குற்றவாளியாக்காமல், மருத்துவர் வாயால் பாட்டிக்கே நேரில் சொல்லவைப்பது பலன் தருகிறது. பேருந்தில் யாராவது "ஐயோ, பொம்பளப் புள்ளையாச்சே" என்றால் அம்மா என்ன சொல்கிறார் என்று குழந்தை பார்த்துக்கொண்டே இருக்கும். "தைச்சாச்சுங்க, இப்ப ஸ்கூல் போறா" என்று சாதாரணக் குரலில் சொல்லி முடித்துவிடுங்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய புகைப்படத்தைப் பீரோவில் ஒளித்து வைக்காமல் ஆல்பத்திலேயே வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரே பிள்ளை, அதே சொல்லை, தொடர்ந்து சொன்னால் அது கேலியைத் தாண்டிவிட்டது. தேதி, இடம், சொன்ன சொல் மூன்றையும் நோட்டில் எழுதி வைத்து வகுப்பாசிரியரிடமும் பிறகு தலைமையாசிரியரிடமும் கொடுங்கள். அங்கே நகராவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இருக்கின்றன. அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் பள்ளி வாசலில் நேராகச் சண்டைக்குப் போனால், மறுநாள் வகுப்பில் அதற்கு விலை கொடுப்பது உங்கள் குழந்தைதான்.

தழும்பை மாற்றும் அறுவை சிகிச்சைக்கு அவசரப்படாதீர்கள். தைத்த கோடு சிவந்து தடித்திருப்பது அடங்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். முழுதும் மறையாது, மறையும் என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். மூக்கின் வடிவத்தை முழுமையாகச் சீர்செய்வது வளர்ச்சி முடிந்த பிறகுதான். இடையில், ஈறில் பிளவு உள்ள குழந்தைகளுக்கு எட்டு முதல் பதினோரு வயதுக்குள், கோரைப்பல் முளைக்கும் முன், இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து ஈறில் வைக்க வேண்டியிருக்கும். அதற்கு முன்பாகப் பல் வரிசையை விரிக்கப் பல மாதங்கள் கம்பி போட வேண்டும். மூன்றாம் வகுப்பிலேயே பல் மருத்துவரைப் பார்த்துத் தொடங்கினால் அந்த அறுவை சிகிச்சையை மே விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம். ஜூனில் வீங்கிய வாயோடு புது வகுப்புக்குள் நுழைய வேண்டியிராது. ஆறாம் வகுப்புக்குப் பள்ளி மாறும்போது புதிய ஆசிரியருக்குக் கடிதம் கொடுக்கலாமா, அதில் என்ன இருக்கலாம் என்று அவளிடமே கேளுங்கள். வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றால் விட்டுவிடலாம்.