டேபிளின் அளவுக்கோடு படுத்திருந்தால் வரவு இல்லை என்று அர்த்தமா?

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் சர்வரில் டேட்டாபேஸுக்கென்று 400 ஜிபி இடம் இருக்கிறது. இன்று ஏப்ரல் 1, 230 ஜிபி நிறைந்திருக்கிறது. கடந்த ஆறு மாதத்தில் கூடியது 9 ஜிபிதான். இந்த வேகத்தில் போனால் ஒன்பது வருஷத்துக்குப் புது டிஸ்க் தேவையில்லை என்கிறார் மேலாளர். சரிதானா?"

சரியில்லை. அவர் அனுப்பிய அளவுப் பதிவுகளைக் கொஞ்சம் முழு எண்ணாக்கிக் கணக்குப் போட்டால், இந்த ஜூன் 21 வாக்கிலேயே அந்த டிஸ்க் பாதுகாப்பான எல்லையைத் தாண்டிவிடும். ஒன்பது வருஷம் எப்படி பன்னிரண்டு வாரமாகச் சுருங்குகிறது என்பதைப் பார்ப்போம்.

முதல் காரணம் வெளிப்படையானது. மே 1-ஐ ஒட்டி மாங்காய் லோடு வரத் தொடங்கினால் சுமார் 70 நாள் ஆலை இரவு பகலாக ஓடும். கூழ் பிழியும் இயந்திரத்திலிருந்து டிரம்மில் அடைக்கும் இடம் வரை 200 சென்சார்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு ஒரு அளவை எழுதுகின்றன. சீசன் முடிந்தால் அவை ஓய்ந்துவிடும். கணக்கு, ஸ்டாக் என்று அலுவலக டேபிள்கள் மட்டும் நாளுக்கு 0.05 ஜிபி கூட்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை அளந்த வேகம் அலுவலக வேலையின் வேகம். டிஸ்க்கை நிரப்பும் டேபிளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

"அப்படியானால் முழு வருஷத்தின் சராசரியை எடுத்துக்கொள்ளலாமே" என்று தோன்றும். போன ஏப்ரலிலிருந்து இந்த ஏப்ரல் வரை மொத்தம் 60 ஜிபி கூடியிருக்கிறது. மீதி 170 ஜிபி. கிட்டத்தட்ட மூன்று வருஷம் தாங்கும் என்று வரும். இதுவும் தவறு. இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

போன சீசனின் வரைபடத்தை நாள்வாரியாகப் பாருங்கள். முதல் 40 நாள் சென்சார் டேபிளின் கோடு தரையில் படுத்திருக்கிறது. ஆலை முழு வேகத்தில் ஓடியது, பதிவுகள் கொட்டின, ஆனால் டேபிள் ஒரு ஜிபி கூட வளரவில்லை. 41-ஆம் நாள் கோடு திடீரென்று நிமிர்ந்து, கடைசி 30 நாளும் நாளுக்கு 1.5 ஜிபி வீதம் ஏறுகிறது. அந்த 41-ஆம் நாள் ஆலையில் எந்த மாற்றமும் நடக்கவில்லை. மாற்றம் அதற்கு முந்தைய மார்ச்சில் நடந்தது. "இடம் போதவில்லை" என்று பழைய சீசன் பதிவுகளை அழித்திருக்கிறார்கள்.

இவர்கள் வைத்திருக்கும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், டேபிளை 8,192 பைட் கொண்ட பேஜ்களாகக் கோப்பில் வைக்கிறது. `DELETE` கொடுத்தால் பதிவு பேஜைவிட்டு உடனே போவதில்லை. 'இந்தப் பரிவர்த்தனைக்குப் பிறகு இது செல்லாது' என்ற குறி மட்டும் அதன் தலைப்பகுதியில் விழுகிறது. அந்த நேரத்தில் வேறு யாராவது ஒரு நீண்ட அறிக்கையை ஓட்டிக்கொண்டிருந்தால், அவருக்கு அந்தப் பழைய பதிவு இன்னும் தெரிய வேண்டுமே! எல்லோருக்கும் அது தேவையற்றதான பிறகு `VACUUM` என்ற துப்புரவு வேலை வருகிறது. அது செத்த பதிவுகளை நீக்கி, எந்தப் பேஜில் எவ்வளவு இடம் காலி என்று தனியாக ஒரு வரைபடத்தில் குறித்து வைக்கிறது.

ஆனால் காலியான இடத்தை அது இயக்கமுறைமைக்குத் திருப்பித் தருவதில்லை. கோப்பின் கடைசியில் உள்ள பேஜ்கள் முழுக்கக் காலியாக இருந்தால் மட்டும் வாலை வெட்டிக் கொடுக்கும். பழைய பதிவுகள் இருப்பதோ கோப்பின் தொடக்கத்தில். அதனால் 60 ஜிபி அளவுக்கு அழித்தும் டேபிளின் அளவு இறங்கவே இல்லை. டேபிளுக்குள்ளே 60 ஜிபி ஓட்டைகள் மட்டும் உருவாயின. மே மாதம் வந்த புதிய பதிவுகள் அந்த ஓட்டைகளைத் தேடித் தேடி உட்கார்ந்தன. நாளுக்கு 1.5 ஜிபி, 40 நாள், 60 ஜிபி. ஓட்டைகள் தீர்ந்த மறுநாள் கோப்பு நீளத் தொடங்கியது.

ஒரு கோப்பின் வளர்ச்சிக் கோட்டில் இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு கட்டளை இவ்வளவு துல்லியமாகப் பதிந்திருப்பதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. அதோடு இது எச்சரிக்கையும்கூட. படுத்திருக்கும் கோடு 'வரவு இல்லை' என்று சொல்லலாம், 'ஓட்டை நிரம்புகிறது' என்றும் சொல்லலாம். அளவை மட்டும் குறித்து வைத்தால் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. ஆகவே தினமும் அளவோடு, எத்தனை பதிவு நுழைந்தது என்பதையும் குறிக்க வேண்டும்.

```sql
CREATE TABLE size_log (
  day date, tbl text,
  bytes bigint, ins bigint,
  PRIMARY KEY (day, tbl));

INSERT INTO size_log
SELECT current_date, relid::regclass::text,
       pg_total_relation_size(relid), n_tup_ins
FROM pg_stat_user_tables;
```

முதல் கட்டளை ஒரே முறை. இரண்டாவதை தினமும் அதிகாலையில் ஓடும்படி கிரானில் போட்டுவிடலாம். `pg_total_relation_size` டேபிளோடு இண்டெக்ஸையும் சேர்த்து அளக்கிறது. `pg_relation_size` போட்டால் இண்டெக்ஸ் விட்டுப்போகும். `n_tup_ins` இதுவரை நுழைந்த பதிவுகளின் ஓடும் எண்ணிக்கை, நேற்றையதைக் கழித்தால் இன்றைய வரவு. கரண்ட் போய் சர்வர் ஒழுங்காக மூடாமல் அணைந்தால் இந்த எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஆகவே நேற்றைவிட இன்று குறைந்திருந்தால் அந்த ஒரு நாளைக் கணக்கிலிருந்து விட்டுவிடுங்கள்.

இப்போது ஒரு பதிவின் விலையைக் கண்டுபிடிக்கலாம். மொத்த அளவை மொத்தப் பதிவால் வகுக்கக் கூடாது, அதில் ஓட்டைகளும் கலந்திருக்கும். ஓட்டை தீர்ந்த பிறகான அந்தக் கடைசி 30 நாளை மட்டும் எடுத்துக்கொள்வோம். 200 சென்சார், நாளுக்கு 86,400 நொடி என்றால் நாளுக்கு 1 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் பதிவு, 30 நாளில் 51.84 கோடி. அந்த 30 நாளில் டேபிள் 45 ஜிபி வளர்ந்தது. வகுத்தால் பதிவுக்குச் சுமார் 93 பைட். நேரம், சென்சார் எண், அளவு மூன்றும் சேர்ந்து 20 பைட்தான். தலைப்பகுதி, இடைவெளி, பேஜுக்குள் இருக்கும் சுட்டி எல்லாம் சேர்ந்து அதை 52 ஆக்குகின்றன. மீதி 41 இண்டெக்ஸின் பங்கு. 20 பைட் தகவலுக்கு 93 பைட் இடம் என்பதை அறியாமல் 'நாலு எண்தானே' என்று மதிப்பிடுவதால்தான் பல திட்டங்கள் முதல் சீசனிலேயே தடுமாறுகின்றன.

இனி முன்கணிப்பு எளிது. கோட்டை நீட்டாமல், கோட்டை உண்டாக்கும் காரணத்தை நீட்ட வேண்டும். சென்சார் டேபிளுக்குக் காரணம் சென்சார் எண்ணிக்கையும் ஆலை ஓடும் நேரமும். மாங்காய் வரத்து இரட்டிப்பானாலும், அதே 70 நாளில் ஓடி முடித்தால் இந்த டேபிள் அதே அளவுதான் வளரும். எடைமேடை டேபிளுக்கோ லாரி எண்ணிக்கைதான் காரணம். ஒவ்வொரு பெரிய டேபிளுக்கும் இப்படி அதன் காரணத்தைத் தனியே கேட்க வேண்டும்.

வாசகர் கடிதத்தின் கடைசி வரியில்தான் முக்கியமான செய்தி இருந்தது. இந்த வருஷம் இரண்டாவது லைன் வருகிறது, சென்சார் 280 ஆகிறது. போன வருஷம் பழையதை அழித்த மாதிரி இந்த வருஷம் எதையும் அழிக்கவில்லை, ஆகவே ஓட்டை இல்லை. நாளுக்கு 1.5 என்பது 2.1 ஜிபி ஆகும். ஏப்ரல் முழுக்க 1.5 ஜிபி போக, மே 1 அன்று மீதி 168.5. சீசன் 70 நாள் என்றால் 147 ஜிபி போய் 21.5 மிஞ்சும். சீசன் நீண்டு 85 நாள் ஓடினால் 178 ஜிபி தேவை. ஜூலை 20-ஐ ஒட்டி, ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் நிரம்பிவிடும்.

21.5 மிஞ்சுகிறதே என்று விட்டுவிடவும் முடியாது. ஒவ்வொரு மாற்றத்தையும் டேபிளில் சேர்க்கும் முன் போஸ்ட்கிரஸ் `pg_wal` என்ற அடைவில் எழுதிக்கொள்கிறது. அந்தக் கோப்புகளைப் பெற்றுக்கொள்ளும் பேக்கப் இயந்திரம் இரண்டு நாள் தொடர்பில் இல்லாமல் போனால், அனுப்பப்படாதவை அந்த அடைவிலேயே குவியும். டேபிள் வளர்வதைவிட அந்தக் குவியல் வேகமாக வளரும். அந்த அடைவு இருக்கும் டிஸ்க் நிரம்பினால் டேட்டாபேஸே நின்றுவிடும். ஆகவே எல்லை 400 இல்லை, அதில் 85 சதவீதமான 340. இன்றைய 230-லிருந்து அதற்கு 110 ஜிபிதான் தூரம். மே 1 அன்று 108.5, அதை 2.1-ஆல் வகுத்தால் 52-ஆம் நாள். அதுதான் ஜூன் 21.

ஆர்டர், டெலிவரி, மாற்றிப் பொருத்துவது எல்லாவற்றுக்கும் நான்கு வாரம் என்றால், இன்று ஏப்ரல் 1 அன்று ஆர்டர் போட்டால்தான் ஏப்ரல் 29-க்குள் முடியும். சீசன் நடுவில் சர்வரை நிறுத்த எந்த ஆலையும் ஒப்பாது. பல இடங்களில் மார்ச் 31-க்குக் கணக்கு முடிக்கும் அவசரத்தில் கணினிச் செலவைத் தள்ளிவிடுகிறார்கள், பிறகு 'சீசன் முடியட்டும்' என்கிறார்கள், அதன் பிறகு 'ஆடி போகட்டும்' என்கிறார்கள். டேட்டாபேஸ் சித்திரை நடுவில் தொடங்கி ஆனி முடிய வளர்கிறது. ஆடி வரை தள்ளிய கொள்முதல் அந்த வருஷத்துக்கு உதவாது. பிப்ரவரியில் இந்தக் கணக்கைப் போட்டு, அந்த நிதியாண்டின் பணத்திலேயே வாங்கிவிடுவதுதான் சரி என்பது என் கருத்து.

எவ்வளவு வாங்குவது? மூன்று சீசனுக்கு என்று வைத்தால் 230 + 1.5 + (3 × 147), இடையிலான இரண்டு ஓய்வுக் காலத்துக்கு 30, மொத்தம் 702.5 ஜிபி. இது 85 சதவீதமாக இருக்க 826 வேண்டும். கடையில் '1 டிபி' என்று விற்பது ஆயிரத்தின் அடுக்கில் எண்ணிய அளவு. போஸ்ட்கிரஸ் எண்ணும் 1,024 கணக்கில் அது 931. இஎக்ஸ்டி4 கோப்பமைப்பு இயல்பாக 5 சதவீதத்தை ஒதுக்கிக்கொண்டால் 884. போதும் போலிருக்கிறது. ஆனால் மூன்று சீசனும் 85 நாள் ஓடினால் 937 தேவை. எனவே 2 டிபி. ரெய்டு 1 அமைப்பு என்றால் அப்படி இரண்டு.

டிஸ்க் மாற்றும் அதே வாரத்தில் சென்சார் டேபிளை மாதவாரியாகப் பார்ட்டிஷன் செய்துவிட்டால், அடுத்த முறை அழிப்பதும் எளிது. ஒரு மாதத்தை `DROP TABLE` செய்தால் அதன் கோப்பே போய்விடும், இடம் உடனே இயக்கமுறைமைக்குத் திரும்பும், ஓட்டை என்ற பேச்சே இல்லை. இல்லையென்றால் `VACUUM FULL` செய்ய வேண்டும். அது டேபிளைப் புதிதாக எழுதும், எழுதி முடிக்கும்வரை டேபிளைப் பூட்டி வைக்கும், புதிய பிரதிக்கும் டிஸ்க்கில் இடம் கேட்கும். இடம் இல்லாத நேரத்தில் இடம் கேட்கும் வைத்தியம் அது.

மே 10 அன்று காலை பதிவைத் திறந்து பாருங்கள். ஒன்பது நாள் முடிந்திருக்கும், டேபிள் சுமார் 19 ஜிபி கூடியிருக்க வேண்டும். 25 கூடியிருந்தால் புது லைனின் சென்சார்கள் நொடிக்கு ஒன்றுக்கு மேல் எழுதுகின்றன என்று பொருள். `ins` எண்ணிக்கையில் நேற்றையதைக் கழித்து, வரும் ஒரு நாள் வரவை 86,400-ஆல் வகுத்துப் பாருங்கள், 280-ஐத் தாண்டினால் உறுதியாகிவிடும். 12 மட்டும் கூடியிருந்தால் பதிவு எண்ணிக்கையை முதலில் பாருங்கள். அது குறையவில்லையென்றால் யாரோ ஏதோ அழித்திருக்கிறார்கள், கோடு எப்போது நிமிரும் என்பதை ஓட்டையின் அளவை வைத்து மறுபடி கணக்கிட வேண்டும்.