கட்டப் படத்துக்குள் சிம் இருக்கிறதா?

நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஐந்து நாள் பயணமாகப் போகிறாராம். மகள் பயண இ-சிம் ஒன்றை வாங்கி, அதன் க்யூஆர் கோடைக் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டிருக்கிறாள். "சார், ஒரு படத்துக்குள் எப்படி சிம் கார்டு இருக்கும்? குரூப்பில் உள்ள வேறு யாராவது அதை ஸ்கேன் செய்தால் என் சிம் அவருக்குப் போய்விடுமா?" என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: ஆமாம், போய்விடும். நீங்கள் முந்திக்கொண்டு ஸ்கேன் செய்துவிட்டால் போகாது. ஏன் இப்படி என்பதில்தான் முதல் கேள்விக்கான பதிலும் இருக்கிறது.

அந்தப் படத்துக்குள் சிம் இல்லை. இருக்கவும் முடியாது. மிகப் பெரிய க்யூஆர் கோடிலேயே மூன்று கிலோபைட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் எழுத முடியும். ஒரு சிம்மின் முழு உள்ளடக்கமோ பல பத்து கிலோபைட் வரும். கோடைப் பிரித்துப் படித்தால் கிடைப்பது இந்த மாதிரி ஒரே ஒரு வரிதான்:

```
LPA:1$smdp.example.com$K7H4-QX9Z-TB1M
```

டாலர் குறிகள் இதை மூன்றாகப் பிரிக்கின்றன. முதல் பகுதி, இது இ-சிம் கோடு என்று போனுக்குச் சொல்கிறது. நடுவில் இருப்பது ஒரு சர்வரின் முகவரி. கடைசியில் இருப்பது டோக்கன் எண். துணிக்கடையில் பில் போட்டதும் ஒரு சீட்டு தருவார்களே, அதைக் காட்டினால் டெலிவரி கவுண்டரில் பையை எடுத்துக் கொடுப்பார்களே, அந்தச் சீட்டுதான் இது. கவுண்டர் எங்கே, சீட்டு நம்பர் என்ன, அவ்வளவுதான் இதில் இருக்கிறது. கேமரா சரியாகப் படிக்காவிட்டால் அமைப்புகளில் இந்த இரண்டையும் கையால் தட்டச்சு செய்தாலும் வேலை நடக்கும். சீட்டை யார் முதலில் நீட்டுகிறாரோ, பை அவருக்குத்தான்.

இ-சிம் வசதியுள்ள போனுக்குள், பிளாஸ்டிக் சிம்மின் வேலையைச் செய்ய, மதர்போர்டோடு ஒட்டிய ஒரு சின்ன சில்லு இருக்கிறது. உங்கள் போனில் அது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள `*#06#` என்று டயல் செய்து பாருங்கள். வரும் எண்களில் EID என்ற பெயரில் 32 இலக்க எண் இருந்தால் சில்லு இருக்கிறது. ஸ்கேன் செய்ததும் போன் இணையம் வழியாக அந்த சர்வரைக் கூப்பிடுகிறது. சர்வர் தன் சான்றிதழைக் காட்ட, சில்லும் தன் சான்றிதழைக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்கின்றன.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் சலிக்காத காரியம். சிம்மின் உயிர் அதிலுள்ள ஒரு ரகசிய எண். அது தெரிந்தவர் உங்கள் சிம்மைப் போலியாகச் செய்துவிடலாம். அந்த எண் சர்வரிலிருந்து உங்கள் வீட்டு வைஃபை வழியாகத்தான் வர வேண்டும். எனவே பூட்டித்தான் அனுப்ப வேண்டும். ஆனால் பூட்டைத் திறக்கும் சாவியும் அதே வழியில்தானே வர வேண்டும்? இதற்கு முன் சந்தித்தே இராத இருவர், எல்லார் காதிலும் விழும்படி பேசியே, தங்களுக்குள் ஒரு ரகசியத்தை உருவாக்கிக்கொள்ள முடியுமா?

முடியும். 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வழி சொன்னார்கள். சின்ன எண்களை வைத்துப் போட்டுப் பார்ப்போம். 3, 17 என்ற இரண்டு எண்கள் எல்லாருக்கும் தெரியும். சில்லு தன் மனதுக்குள் 6 என்று நினைத்துக்கொள்கிறது. 3ஐ ஆறு முறை பெருக்கினால் 729. அதை 17ஆல் வகுத்தால் மீதி 15. "15" என்று உரக்கச் சொல்கிறது. சர்வர் 7 என்று நினைத்துக்கொள்கிறது. 3ஐ ஏழு முறை பெருக்கினால் 2187, வகுத்தால் மீதி 11. அதுவும் "11" என்று உரக்கச் சொல்கிறது. இப்போது சில்லு, தான் கேட்ட 11ஐ ஆறு முறை பெருக்கி 17ஆல் வகுக்கிறது. மீதி 8. சர்வர், தான் கேட்ட 15ஐ ஏழு முறை பெருக்கி வகுக்கிறது. அதற்கும் மீதி 8! ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் சுற்றி வந்து 3ஐ 42 முறை பெருக்கியிருக்கிறார்கள், அதனால்தான் ஒரே விடை. வெளியே கேட்டது 15ம் 11ம்தான். 8 யார் வாயிலிருந்தும் வரவில்லை.

17 சின்ன எண் என்பதால் ஒட்டுக்கேட்பவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து 6ஐயும் 7ஐயும் கண்டுபிடித்துவிடுவார். நிஜத்தில் எண்கள் எழுபதுக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்டவை. பெருக்கலுக்குப் பதில் நீள்வட்ட வளைவுகள் எனப்படும் வளைகோடுகளின் மேல் நடக்கும் ஒரு கணக்கு. 1985இல் கோப்லிட்ஸும் மில்லரும் தனித்தனியாக இதை முன்வைக்கும்வரை, அந்த வளைவுகள் பெரும்பாலும் எண் கோட்பாட்டுக்காரர்களின் சொத்தாகத்தான் இருந்தன. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களுக்குப் பணம் ஒதுக்கும்போது "இதனால் என்ன பயன்?" என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பயன் எந்தத் தலைமுறையில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத வேலைக்கும் பணம் கொடுத்தே ஆக வேண்டும்.

சரி, சிம்முக்கு வருவோம். சில்லுக்கும் சர்வருக்கும் மட்டுமே தெரிந்த அந்த ரகசியத்தை வைத்து சர்வர் சிம்மின் உள்ளடக்கத்தைப் பூட்டி அனுப்புகிறது. அதைச் சுமந்து வரும் போனால்கூட உள்ளே பார்க்க முடியாது. சில்லு மட்டுமே திறக்கும். 6 என்று நினைத்தது அந்தச் சில்லுதானே! ஆகவே பொட்டலம் அந்த ஒரு போனுக்கென்றே கட்டப்பட்டது. சர்வரும் அந்தச் சீட்டு நம்பருக்குப் பை கொடுத்தாயிற்று என்று குறித்துக்கொள்கிறது.

எங்கள் அபார்ட்மென்டில் ஒருவர் பாங்காக் கிளம்பும் முன், கோடு வேலை செய்கிறதா என்று மகனின் பழைய போனில் ஸ்கேன் செய்து பார்த்தார். வேலை செய்தது. அதை அழித்துவிட்டுத் தன் போனில் ஸ்கேன் செய்தபோது, இந்தக் கோடு இனிச் செல்லாது என்று வந்தது. பழைய போனில் அழித்தபோது ரகசிய எண்ணும் அதோடு போய்விட்டது. இன்னொரு கோடு காசு கொடுத்துத்தான் வாங்கினார்.

எனவே அம்மா, இன்றைக்கே வீட்டு வைஃபையில், சிங்கப்பூருக்கு எடுத்துப் போகும் அதே போனில் போட்டுவிடுங்கள். கோடு உங்கள் போனிலேயே இருப்பதால் அதையே கேமராவில் காட்ட முடியாது. வீட்டில் இன்னொருவர் போனில் திறந்து வைத்து ஸ்கேன் செய்யுங்கள். சாங்கியில் இறங்கியபின் பார்த்துக்கொள்ளலாம் என்றால், இறக்குவதற்கு அங்கே முதலில் இணையம் தேட வேண்டியிருக்கும். செல்லுபடிக் காலம் பல திட்டங்களில் அந்த நாட்டு நெட்வொர்க்கைத் தொட்டபிறகே தொடங்கும். சிலவற்றில் போனில் போட்ட நாளிலிருந்தே ஓடும். எது என்று மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போட்ட பிறகு சென்னையில் அதற்கு சிக்னல் காட்டாவிட்டால் பயப்பட வேண்டாம், அது சிங்கப்பூருக்கானது. அங்கே இறங்கியதும் மொபைல் டேட்டாவுக்குப் புது சிம்மைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் டேட்டா ரோமிங்கை இயக்குங்கள். பயண இ-சிம்களில் பெரும்பாலானவை வேறொரு நாட்டு நிறுவனத்துடையவை, சிங்கப்பூருக்கே விருந்தாளிகள். அதனால் ரோமிங் இல்லாமல் ஓடாது. உங்கள் இந்திய சிம்மில் டேட்டா ரோமிங் அணைந்தே இருக்கட்டும், இல்லையென்றால் பில் ஏறும்.

இரண்டு மூன்று நிமிடத்தில் இணையம் வராவிட்டால் ஏர்பிளேன் மோடைப் போட்டு எடுங்கள், ரோமிங்கை மறுபடி பாருங்கள். என்ன ஆனாலும் அந்த இ-சிம்மை மட்டும் அழித்துவிடாதீர்கள். அணைத்து வைத்தால் திரும்ப இயக்கலாம்.

அப்புறம், உங்கள் போனில் ஏறிவிட்டதா? இனி அந்தப் படம் குரூப்பில் எத்தனை நாள் கிடந்தாலும் கவலையில்லை.